பாதியில் நெட் போன வீடியோ இன்டர்வியூ: மறுநாள் அனுப்பும் மெயில்

கேள்வி: நேற்று (ஜூலை 14, செவ்வாய்) காலை 11 மணிக்கு கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றோடு ஜூமில் இன்டர்வியூ. அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலை. நான் இருப்பது தென்காசி பக்கம் ஒரு கிராமம். நல்லாப் போயிட்டு இருந்தது, கால் மணி நேரத்தில் நெட் போயிடுச்சு, திரும்ப உள்ளே போக முடியல. பதற்றத்தில் யாருக்கும் எதுவும் சொல்லல. இப்போ மன்னிப்பு கேட்டு வேற நேரம் கேட்டு மெயில் போடணும். என்ன எழுதுறது? ஒரு நாள் லேட் ஆயிடுச்சே, இனி போட்டாலும் பயன் இருக்கா?

பயன் இருக்கிறது, இன்று மதியத்துக்குள் போட்டுவிடுங்கள். லைன் அறுந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு வரியாவது போயிருந்தால் நல்லது. மறுநாள் போவது அதைவிடக் குறைவுதான் என்றாலும் வேலைக்கு ஆகும். மூன்றாம் நாள் ஆனால் நிலைமை வேறு. அதற்குள் அந்த இடத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் சரியான நேரத்துக்கு உள்ளே வந்து கால் மணி நேரம் பேசியிருக்கிறீர்கள். ஆகவே ஹெச்.ஆர். உங்களை ‘வரவில்லை’ என்று குறித்திருக்க வாய்ப்பு குறைவு. கேள்வி கேட்டவர் உங்களைப் பற்றிய மதிப்பீட்டைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பார். உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால், கேட்ட வரைக்கும் வைத்து அதை முடித்துவிடுவார். முடிப்பதற்கு முன் அவரை நிறுத்தி வைப்பதுதான் இந்த மெயிலின் வேலை.

எழுதுவதற்கு முன்னால், அதைப் படிப்பவரின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். ஹெச்.ஆரில் நேரம் குறிக்கும் ஒருவர் ஒரே வாரத்தில் பல பேருக்கு இன்டர்வியூ வைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு மறுபடி நேரம் கொடுக்க வேண்டுமானால் அவர் அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் திரும்பப் போய் நேரம் கேட்க வேண்டும். அந்தச் சிரமத்தை எந்த அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பதில் சீக்கிரம் வரும். மன்னிப்பு ஒரு வாக்கியம் போதும். மெயிலின் பெரும்பகுதி, அவர் அப்படியே மேனேஜருக்குத் தள்ளிவிடக்கூடிய தகவலாக இருக்க வேண்டும். நான்கு பத்தி வருத்தம் தெரிவித்துவிட்டு, ‘எப்போது வசதியோ சொல்லுங்கள்’ என்று முடியும் மெயில்கள்தான் பதிலில்லாமல் கிடக்கின்றன. படிப்பவருக்கு இரக்கம் வராமல் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று அந்த மெயில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

புது மெயிலாகத் தொடங்காதீர்கள். இன்டர்வியூ நேரத்தை உறுதிசெய்து ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலைத் திறந்து, அதற்கே பதிலாக எழுதுங்கள். யார், எந்த வேலை, எந்த லிங்க், யார் கேட்டார்கள் எல்லாமே கீழே இருக்கும். அவர் தேட வேண்டியதில்லை. சப்ஜெக்ட் வரியையும் மாற்றாதீர்கள். ஜிமெயிலில் சப்ஜெக்ட்டை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். அந்த உறுதி மெயில் `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்திருந்தால் மட்டும் பதில் போட்டுப் பயனில்லை, அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்போது அதற்கு முன்பு ஹெச்.ஆர். ஆள் தன் சொந்தப் பெயரில் அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து அதில் பதில் போடுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் புது மெயில். சப்ஜெக்ட்டில் உங்கள் பெயர், வேலையின் பெயர், இன்டர்வியூ நடந்த தேதி, நேரம் நான்கும் இருக்கட்டும்.

மேனேஜரின் முகவரி அந்த மெயிலில் ஏற்கெனவே சிசியில் இருந்தால் எல்லோருக்கும் பதிலாக அனுப்புங்கள். காலண்டர் அழைப்பில் மட்டும் அவர் முகவரி தெரிகிறது என்றால் அதை எடுத்து அவருக்குத் தனியாக எழுத வேண்டாம். நேரம் கொடுப்பது ஹெச்.ஆரின் பொறுப்பு, அவரைத் தாண்டிப் போனதாக நினைத்துவிடக்கூடும். அதே மாதிரி, முடிந்துபோன காலண்டர் அழைப்பில் போய் `Propose a new time` அழுத்துவதும் வேண்டாம். விளக்கம் இல்லாமல் ஒரு நேரம் மட்டும் போய் நிற்கும்.

காரணம் சொல்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். வீட்டில் ஃபைபர் இணைப்பு என்றால், சுவரில் மாட்டிய பெட்டியில் `LOS` என்ற விளக்கு சிவப்பாக எரிந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் பெட்டிக்கு வெளிச்சமே வந்து சேரவில்லை. பெரும்பாலும் வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கும், அல்லது பெட்டியில் செருகிய முனை தளர்ந்திருக்கும். அப்படியானால் ‘ஃபைபர் இணைப்பு துண்டிப்பு’ என்று எழுதலாம். விளக்கைப் பார்க்கவில்லை என்றால் ‘இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்பதே போதும். ஊகித்து எழுதாதீர்கள். அடுத்த இன்டர்வியூவில் மேனேஜர் ‘அன்னைக்கு என்னாச்சு?’ என்று கேட்டால் அதே பதில்தான் வாயிலிருந்து வர வேண்டும். மின்தடையால் நெட் போயிருந்தால் அதையே சொல்லுங்கள். ஆனால் மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு மின்நிறுத்தம் என்றால் அதைக் காரணமாக முன்வைப்பது உங்களுக்கே எதிராகப் போகும். அறிவித்த தேதியைப் பார்த்திருக்க வேண்டாமா என்ற கேள்வி உடனே எழும்.

ஸ்கிரீன்ஷாட், இணைய நிறுவனத்தின் மெசேஜ் எதையும் இணைக்க வேண்டாம். கேட்காத சான்றைக் கொடுத்தால், நம்பமாட்டார்கள் என்று நீங்களே நினைப்பதாகப் படும். புகார் எண் ஏதாவது வந்திருந்தால் போனில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

உங்கள் விஷயத்தில் காரணத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. நேற்றே தகவல் சொல்லவில்லை. அதை மறைத்து எழுதினால் மெயிலின் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். நெட் போனது உங்கள் கையில் இல்லை, சொல்லாமல் விட்டது உங்கள் கையில் இருந்தது. ஆகவே மன்னிப்பை அதற்குக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் உங்கள் மெயிலை மற்ற ‘நெட் ப்ராப்ளம்’ மெயில்களிலிருந்து பிரித்துக் காட்டும்.

பேச்சு எந்த இடத்தில் நின்றது என்றும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்திருக்கும் பில்களைக் கம்பெனியின் கொள்முதல் பதிவேட்டோடு எப்படி ஒப்பிடுவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறிப்பிட்டால் மேனேஜருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வரும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும் என்பதும் அவருக்குப் புரியும். ஒரு மணி நேரம் கேட்பதைவிட அரை மணி நேரம் கிடைப்பது எளிது. அந்தக் கேள்விக்கான முழுப் பதிலை மட்டும் மெயிலிலேயே எழுதிவிடாதீர்கள். நேரில் கேட்டுப் பார்க்கத்தான் அவர் கேள்வி கேட்டார், தேடிப் பார்த்து எழுதியது என்று தோன்றினால் பதிலின் மதிப்பு போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மூன்று வாய்ப்புகள் கொடுத்து, அவர்கள் சொல்லும் வேறு நேரத்துக்கும் தயார் என்று சேர்த்துவிடுங்கள். ஒன்றே ஒன்று கொடுத்தால் நிபந்தனை போட்ட மாதிரி இருக்கும். எப்போது வேண்டுமானாலும் என்று விட்டால் தேர்வு செய்யும் வேலை அவர் தலையில் விழும். உங்கள் துறைக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே கவனியுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. ஜூலை 20 திங்கட்கிழமை வருகிறது. அன்றைக்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் நேரம் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் அவர் மனம் போர்ட்டலில்தான் இருக்கும். ஆகவே 17 வெள்ளி, 21 செவ்வாய், 22 புதன் என்று கொடுங்கள். 20ஆம் தேதியை ஏன் தவிர்த்தீர்கள் என்று எழுத வேண்டியதில்லை, அந்தத் துறையில் இருப்பவர் பார்த்ததும் புரிந்துகொள்வார். அனுப்பும் முன் அந்த மூன்று நாளிலும் உங்கள் பகுதிக்கு மின்நிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் மெயில் இப்படி வரும். நீங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள். உள்ளடக்கமும் வரிசையும் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன், வாக்கியங்களை இதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“வணக்கம் மேடம்.

அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்காக நேற்று, ஜூலை 14 காலை 11 மணிக்கு நடந்த ஜூம் இன்டர்வியூவில் கலந்துகொண்டேன். சுமார் 11.15க்கு என் வீட்டு இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதால் மீண்டும் சேர முடியவில்லை. உடனே உங்களுக்குத் தெரிவிக்காமல் இருந்தது என் தவறு. உங்களையும் சாரையும் காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும்.

ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு பற்றி சார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பேச்சு நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடர அரை மணி நேரம் ஒதுக்க இயலுமா? எனக்கு வசதியான நேரங்கள்: ஜூலை 17 வெள்ளி காலை 10 முதல் 1 மணி வரை, ஜூலை 21 செவ்வாய் பிற்பகல் 2 முதல் 5 மணி வரை, ஜூலை 22 புதன் முழு நாளும். வேறு நேரம் உங்களுக்கு வசதி என்றால் அதற்கும் தயார். நேரில் வரச் சொன்னால் ஒரு நாள் முன்பு தெரிவித்தால் போதும், கோயம்புத்தூர் வந்துவிடுவேன்.

இந்த முறை பிராட்பேண்டோடு வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவையும் தயாராக வைத்திருப்பேன். நடுவில் தடை வந்தால் உங்களை உடனே போனில் அழைக்கிறேன். என் எண் கீழே உள்ளது.

நன்றி.”

அதன் கீழே உங்கள் முழுப்பெயர், ரெஸ்யூமேயில் இருக்கும் அதே எழுத்தில். கீழே போன் எண்.

‘நேரில் வருவேன்’ என்ற வரி கட்டாயமில்லை. வர முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள். தென்காசியிலிருந்து போய்வர ஒரு நாளும் பணமும் ஆகும், எழுதிவிட்டுப் பிறகு பின்வாங்கினால் இருந்த மரியாதையும் போகும். ‘உடனே தெரிவிக்காதது என் தவறு’ என்பது உங்கள் நிலைமைக்கான வரி. உடனே போன் செய்தவர்களுக்கு அது தேவையில்லை. குடும்பச் சூழ்நிலை, இந்த வேலை எவ்வளவு முக்கியம், எத்தனை நாளாகத் தேடுகிறீர்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் இந்த மெயிலில் வேண்டாம். நேரம் குறிப்பவருக்கு அவற்றை வைத்துச் செய்ய எதுவும் இல்லை.

கடைசிப் பத்தியில் சொல்லும் உறுதி உண்மையாக இருக்க வேண்டும், இரண்டாவது முறையும் அறுந்தால் மூன்றாவது கேட்பது மிகக் கடினம். ஆகவே மெயில் அனுப்பும் முன்பே ஒரு சோதனை செய்துபாருங்கள். பிராட்பேண்டும் சிம்மும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தால், அந்த நிறுவனத்தின் கேபிள் ஊருக்கு வெளியே அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகக்கூடும். வேறு நிறுவனத்தின் சிம் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை இணைத்து, நீங்கள் கொடுத்திருக்கும் அதே நேரத்தில், உதாரணமாகக் காலை 11 மணிக்கு, சோதித்துப் பாருங்கள். இரவில் வரும் வேகம் பகலில் வரும் என்று நம்ப முடியாது. வேகச் சோதனையில் எல்லோரும் டவுன்லோடைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில். இருவர் மட்டும் பேசும் வீடியோ அழைப்புக்கு ஜூம் கேட்பது இரு பக்கமும் விநாடிக்கு 600 கிலோபிட், அதாவது 0.6 எம்பிபிஎஸ். கூடுதல் ஆட்கள் சேர்ந்தால் அதைவிட வேண்டும், ஆகவே அப்லோடு 2 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் நிம்மதியாக உட்காரலாம்.

வேகம் நன்றாக இருந்தும் பேச்சு வெட்டி வெட்டிப் போவது உண்டு. நடுவில் தரவு தொலைந்துபோவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். விண்டோஸில் `cmd` திறந்து இதைக் கொடுத்தால் தெரியும்:

```
ping -n 50 8.8.8.8
```

ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடியும். கடைசியில் `Lost` என்ற இடத்தைப் பாருங்கள். 0 என்றால் நல்லது. 50க்கு ஒன்று தொலைந்தால் கவலை வேண்டாம். ஐந்து, ஆறு தொலைந்தால் அந்த இணைப்பை நம்பி உட்காராதீர்கள். மாடிக்குப் போய், ஜன்னல் பக்கம் போனை வைத்து மறுபடி பாருங்கள். சிக்னல் குறைந்த வீட்டில் இடம் மாற்றுவதே பெரிய வித்தியாசம் தரும். இரண்டு இணைப்பிலும் நிலைமை மோசம் என்றால் அந்த உறுதி வரியை மாற்றி, நெட் நன்றாகக் கிடைக்கும் ஊரில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து கலந்துகொள்வதாக எழுதுங்கள்.

மெயில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் போனிலிருந்து அனுப்பினால் ஜிமெயிலில் அது `Queued` என்று காட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். அனுப்பிவிட்டோம் என்று நினைத்துப் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுவோம். `Sent` பகுதியில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு நகருங்கள்.

அனுப்பிய அரை மணி நேரத்துக்குப் பிறகு, ஹெச்.ஆரின் எண் இருந்தால், ஒரு முறை போன் செய்யலாம். ‘மேடம், நேத்து 11 மணி இன்டர்வியூ, லைன் கட் ஆனதுக்கு ஸாரி, இப்போ மெயில் போட்டிருக்கேன், பார்க்க முடியுமா?’ அவ்வளவு போதும். எடுக்கவில்லை என்றால் அதே விஷயத்தை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிட்டு விடுங்கள். திரும்பத் திரும்ப அழைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவரே முன்பு உங்களோடு பேசியிருந்தால் தவிர அங்கே போக வேண்டாம்.

இரண்டு வேலை நாள் பதில் வராவிட்டால், உங்கள் விஷயத்தில் வெள்ளிக்கிழமை மாலை, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். 17ஆம் தேதி முடிந்துவிட்டிருக்கும், ஆகவே மீதியிருக்கும் 21, 22 தேதிகளோடு 23ஐயும் சேர்த்துக் கொடுங்கள். காலாவதியான தேதியோடு நினைவூட்டல் போனால் மறுபடி ஒரு கேள்வி-பதில் தேவைப்படும். அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த இடம் நிரம்பியிருக்கலாம், அல்லது அந்தக் கால் மணி நேரத்திலேயே அவர்கள் முடிவுக்கு வந்திருக்கலாம். எவ்வளவு நன்றாக எழுதிய மெயிலும் அதை மாற்றாது.

நான் சொன்னது தனியார் கம்பெனியில் ஹெச்.ஆர். நேரடியாக நேரம் குறிக்கும் இன்டர்வியூவுக்கு. கல்லூரி பிளேஸ்மென்ட் வழியாக வந்தது என்றால் முதலில் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் சொல்லி, அவர் வழியாகவே கேட்க வேண்டும். அரசுத் துறை, வங்கித் தேர்வு போன்றவற்றில் மறு நேரம் கொடுப்பது அழைப்புக் கடிதத்தில் இருக்கும் விதியைப் பொறுத்தது. அங்கே மெயிலின் நயம் எடுபடாது, கடிதத்தில் கொடுத்திருக்கும் உதவி எண்ணில் அன்றைக்கே பதிவு செய்வதுதான் வழி. அறுந்தது அவர்கள் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்தால் மன்னிப்பு கேட்காதீர்கள். ‘11.15க்குப் பிறகு உங்கள் குரல் கேட்கவில்லை, நான் 11.40 வரை அறையில் காத்திருந்தேன், தொடர எப்போது வசதி?’ என்று மட்டும் எழுதுங்கள்.

புது நேரம் கிடைத்ததும் ‘சரி’ என்று மட்டும் பதில் போடாமல், தேதி, கிழமை, நேரம் மூன்றையும் திருப்பி எழுதி உறுதிசெய்யுங்கள். லிங்க் பழையதா புதியதா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பழைய லிங்க்கில் போய்க் காத்திருந்து இரண்டாவது வாய்ப்பையும் தவறவிடுவது நடக்கிற விஷயம். அன்றைக்கு ஹெச்.ஆரின் எண்ணை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் போட்டிருக்கும் போனைத் தவிர, பேசுவதற்கு இன்னொரு போனும் கையில் இருக்கட்டும்.